காலை இருப்பு முதல் மாலைச் சரிபார்ப்பு வரை: கடன் பத்திரச் சந்தையில் ஓர் இளநிலை வர்த்தகரின் ஒரு நாள்

மும்பை: நாட்டின் அரசு கடன் பத்திரச் சந்தை காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு நிறைவடைகிறது. ஆனால், வங்கியொன்றின் கருவூலப் பிரிவில் பணியாற்றும் இளநிலை வர்த்தகரின் நாள் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே தொடங்கி, சந்தை மூடிய பின்னரும் நீடிக்கிறது. பத்திரங்களை வாங்குவதும் விற்பதும் அந்த நாளின் ஒரு பகுதி மட்டுமே. எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு வகுக்கப்பட்ட வரம்புக்குள் நிற்பதும், செய்த வர்த்தகம் ஒவ்வொன்றும் வங்கியின் கணக்கில் சரியாகப் பதிவாகியுள்ளதா என உறுதி செய்வதும் எஞ்சிய பகுதியாகும்.

வங்கி ஒன்றின் கருவூலப் பிரிவில் பத்தாண்டு அரசு கடன் பத்திரத்தைக் கையாளும் இளநிலை வர்த்தகர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் இடம்பெறும் விலைகளும் வரம்புகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. நடைமுறையில், ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் அங்கீகரிக்கும் முதலீட்டுக் கொள்கையின் அடிப்படையில் இவ்வரம்புகள் நிர்ணயிக்கப்படுகின்றன.

முதல் வேலை: நேற்றைய இருப்பு

காலை 8 மணிக்கு அலுவலகம் வரும் வர்த்தகர் முதலில் பார்ப்பது செய்திகளை அல்ல. தமது பெயரில் உள்ள இருப்பை. முந்தைய நாள் மாலை அவர் கையொப்பமிட்டு அளித்த அறிக்கையில் முக மதிப்பில் ரூ.10 கோடிக்கான பத்தாண்டு பத்திரம் கையிருப்பில் உள்ளதாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், இன்று காலை வங்கியின் கணினி அமைப்பும் அதே ரூ.10 கோடியைக் காட்ட வேண்டும். அதில் வேறுபாடு இருந்தால், காரணம் தெரியும் வரை புதிய வர்த்தகம் எதிலும் அவர் ஈடுபடக் கூடாது. கையில் எவ்வளவு உள்ளது என்பதே தெரியாத நிலையில், வாங்குவதா விற்பதா என்ற கேள்விக்குப் பொருளில்லை.

இருப்பு சரியாக இருப்பது உறுதியான பின்னரே இரவில் நிகழ்ந்தவற்றை அவர் தொகுக்கிறார். அமெரிக்க அரசின் பத்தாண்டு பத்திர வருவாய் விகிதம் உயர்ந்ததா, கச்சா எண்ணெய் விலை எங்கு நிற்கிறது, ரூபாயின் மதிப்பு எந்தத் திசையில் நகர்கிறது ஆகிய மூன்றும் அத்தொகுப்பில் தவறாமல் இடம்பெறும். இந்தியா தனது கச்சா எண்ணெய்த் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால், எண்ணெய் விலை உயர்வு பணவீக்கம் குறித்த அச்சத்தை ஏற்படுத்துகிறது. அந்த அச்சம் வருவாய் விகிதத்தை உயர்த்துகிறது. வருவாய் விகிதம் உயர்ந்தால், ஏற்கெனவே கையில் உள்ள பத்திரத்தின் விலை குறையும். விலையும் வருவாய் விகிதமும் எப்போதும் எதிரெதிர்த் திசையில் நகர்பவை.

வங்கி அமைப்பில் எவ்வளவு உபரிப் பணம் உள்ளது என்பதை ரிசர்வ் வங்கி நாள்தோறும் வெளியிடும் பணச் சந்தை அறிக்கையிலிருந்து அவர் குறித்துக்கொள்கிறார். அதன் பின்னர் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்க்கிறார். புதன்கிழமைகளில் கருவூல உண்டியல்களின் ஏலமும், வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் மத்திய அரசின் பத்திர ஏலமும் நடைபெறும். சில்லறைப் பணவீக்கப் புள்ளிவிவரம் மாதந்தோறும் 12-ஆம் தேதியையொட்டி மாலை 4 மணிக்கு வெளியாகிறது. அதாவது, சந்தை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது விலையை நகர்த்தக்கூடிய செய்தி வருகிறது. அத்தகைய நாளில் பிற்பகல் 3.55 மணிக்குக் கையில் எவ்வளவு வைத்திருப்பது என்பதை அவர் காலையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

8.30 மணிக்கு நடைபெறும் கூட்டத்தில் மூத்த வர்த்தகர்கள் தமது கணிப்பைக் கூறுவர். இளநிலை வர்த்தகரிடம் பெரும்பாலும் ஒரே கேள்வி கேட்கப்படும்: 'உங்கள் கணிப்பு தவறு என்பதை எந்த விலையில் ஒப்புக்கொள்வீர்கள்?' அந்த விலையை அவர் சந்தை திறப்பதற்கு முன் சொல்லியாக வேண்டும். விலை சரியத் தொடங்கிய பிறகு ஒருவர் தேடும் விடையில் நம்பிக்கை கலந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

ஒரு புள்ளியின் மதிப்பு

இளநிலை வர்த்தகருக்கு வழங்கப்படும் வரம்புகளைப் புரிந்துகொள்ள ஓர் அளவீட்டை அறிய வேண்டும். வருவாய் விகிதத்தின் நூறில் ஒரு சதவீதம் 'அடிப்படைப் புள்ளி' எனப்படுகிறது. 6.50 சதவீதம் 6.51 சதவீதமானால் அது ஒரு புள்ளி உயர்வு. அவ்வாறு ஒரு புள்ளி நகர்ந்தால் கையிருப்பின் மதிப்பு எத்தனை ரூபாய் மாறும் என்பதே 'ஒரு புள்ளி மதிப்பு'. கருவூல வட்டாரத்தில் இதனைப் பி.வி.பி.பி. என்பர்.

இச்சந்தையில் ரூ.100 முக மதிப்புக்கு விலை கூறப்படுகிறது. பத்தாண்டு பத்திரத்தின் வருவாய் விகிதம் ஒரு புள்ளி உயர்ந்தால், அதன் விலை ஏறத்தாழ 7 காசு குறையும். முக மதிப்பில் ரூ.5 கோடி என்பது நூறு ரூபாய் கொண்ட 5 லட்சம் அலகுகள். எனவே, ரூ.5 கோடிக்கு ஒரு புள்ளி மதிப்பு ரூ.35,000 ஆகிறது.

நாற்பதாண்டு பத்திரத்தில் இதே ஒரு புள்ளிக்கு விலை ஏறத்தாழ 13 காசு நகரும். எனவே, ரூ.5 கோடிக்கு ரூ.65,000. வாங்கிய தொகை ஒன்றே. ஆபத்தோ ஏறத்தாழ இரு மடங்கு. 'ரூ.20 கோடி வரை வாங்கலாம்' என்று முக மதிப்பில் மட்டும் வரம்பு விதித்தால், குறுகிய காலப் பத்திரத்திலிருந்து நீண்ட காலப் பத்திரத்துக்கு மாறுவதன் மூலம் ஒருவர் வரம்பை மீறாமலே ஆபத்தை இரட்டிப்பாக்கிவிட முடியும். அதனால்தான் முக மதிப்பு வரம்புடன் ஒரு புள்ளி மதிப்பு வரம்பும் சேர்த்தே விதிக்கப்படுகிறது.

நமது எடுத்துக்காட்டில் வர்த்தகரின் வரம்புகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். பகலில் அதிகபட்சம் ரூ.20 கோடி வரை வைத்திருக்கலாம். இரவில் ரூ.10 கோடிக்கு மேல் கூடாது. ஒரு புள்ளி மதிப்பு ரூ.1.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் இழப்பு ரூ.2 லட்சத்தைத் தொட்டால் கையிருப்பை விற்றுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இழப்பு ரூ.1.5 லட்சத்தை எட்டும்போதே எச்சரிக்கை வரும். பத்தாண்டு பத்திரத்தில் ரூ.20 கோடி வைத்திருந்தால் ஒரு புள்ளி மதிப்பு ரூ.1.4 லட்சம், அனுமதிக்கப்பட்டதே. நாற்பதாண்டு பத்திரத்திலோ ரூ.15 கோடிக்கே ரூ.1.95 லட்சமாகிவிடும், அதற்கு அனுமதியில்லை.

இவற்றுடன், ஒரே ஆணையில் இவ்வளவுதான் இடலாம் என்ற வரம்பும் உண்டு. 5 என்று இட வேண்டிய இடத்தில் 50 என்று விரல் தட்டிவிடும் பிழையைத் தடுப்பதே அதன் நோக்கம். இது கற்பனையான அச்சம் அல்ல. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் தவறாக இடப்பட்ட 59 ஆணைகளால் ரூ.650 கோடிக்கும் அதிகமான வர்த்தகம் நிகழ்ந்து, நிஃப்டி குறியீட்டெண் சில நொடிகளில் சுமார் 15 சதவீதம் சரிந்தது. அதனால் வர்த்தகம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.

திரையில் 9 மணி

அரசு கடன் பத்திர வர்த்தகத்தின் பெரும்பகுதி, 2005-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய என்.டி.எஸ்.-ஓ.எம். என்ற மின்னணு தளத்தில் நடைபெறுகிறது. வாங்குபவர் யார், விற்பவர் யார் என்பது திரையில் தெரியாது. விலையும் தொகையும் மட்டுமே தெரியும். ஆணைகள் பொருந்தியவுடன், சி.சி.ஐ.எல். எனப்படும் இந்திய கிளியரிங் கார்ப்பரேஷன் இரு தரப்புக்கும் இடையே நின்று, பத்திரமும் பணமும் கைமாறுவதை உறுதி செய்கிறது. அந்தப் பரிமாற்றம் வழக்கமாக அடுத்த வேலை நாளில் நடைபெறும்.

நமது வர்த்தகரிடம் உள்ள ரூ.10 கோடி பத்திரம் நேற்று மாலை ரூ.100.20 என மதிப்பிடப்பட்டிருந்தது. இன்றைய லாபமும் நஷ்டமும் அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதிலிருந்து அல்லாமல், இந்த நேற்றைய மதிப்பிலிருந்தே கணக்கிடப்படும். இரவில் எண்ணெய் விலை உயர்ந்ததால் சந்தை ரூ.100.10-இல் திறக்கிறது. ரூ.10 கோடி என்பது 10 லட்சம் அலகுகள்; 10 காசு இறக்கம். அவர் ஓர் ஆணைகூட இடுவதற்கு முன்பே இழப்பு ரூ.1 லட்சம். நாளின் வரம்பில் பாதி தீர்ந்துவிட்டது.

எண்ணெய் விலை உயர்வின் தாக்கம் தற்காலிகமானது என்பது காலைக் கூட்டத்தில் எட்டப்பட்ட கருத்து. அதை நம்பி, 9.40 மணிக்கு ரூ.100.10 விலையில் மேலும் ரூ.5 கோடிக்குப் பத்திரம் வாங்குகிறார். இருப்பு ரூ.15 கோடி, ஒரு புள்ளி மதிப்பு ரூ.1.05 லட்சம். இரு வரம்புகளுக்கும் உட்பட்டே இருக்கிறார்.

ஆனால், அவர் செய்தது என்ன என்பதை மூன்றாவது வரம்பின் வழியாகப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன், எஞ்சியிருந்த ரூ.1 லட்சம் இழப்பைத் தொட விலை இன்னும் 10 காசு குறைய வேண்டியிருந்தது. வாங்கிய பின், விலையின் ஒவ்வொரு காசுக்கும் ரூ.15,000 மாறும். எனவே, 7 காசுக்கும் குறைவான இறக்கமே போதும். அதாவது வருவாய் விகிதத்தில் ஏறத்தாழ ஒரே ஒரு புள்ளி. சாதாரண நாளிலேயே அந்த அளவு நகர்வு இயல்பானது. தம் கணிப்பு சரியா தவறா என்று தெரிவதற்கு முன்பே சந்தையின் வழக்கமான அசைவு தம்மை வெளியேற்றிவிடக்கூடிய இடத்துக்கு அவர் தாமே சென்று நின்றுவிட்டார். புதிதாகப் பணிக்கு வருவோர் மிகுதியாகச் செய்யும் தவறு இதுதான் எனலாம்.

எச்சரிக்கையும் முடிவும்

11.15 மணியளவில் விலை ரூ.100.06-ஐத் தொடுகிறது. பழைய ரூ.10 கோடியில் 14 காசு இறக்கத்துக்கு ரூ.1.40 லட்சம், புதிய ரூ.5 கோடியில் 4 காசுக்கு ரூ.20,000. மொத்த இழப்பு ரூ.1.60 லட்சம். எச்சரிக்கை அளவு கடந்துவிட்டது. அவரது திரையில் மட்டுமின்றி, வேறொரு தளத்தில் அமர்ந்துள்ள நடு அலுவலகத்தின் திரையிலும் அது தெரிகிறது.

வர்த்தகம் செய்வோர் முன்னலுவலகம். இடர் வரம்புகளைக் கண்காணித்து லாப நஷ்டத்தைத் தனியே கணக்கிடுவோர் நடு அலுவலகம். வர்த்தகத்தை உறுதிப்படுத்திப் பணத்தையும் பத்திரத்தையும் செலுத்துவோர் பின்னலுவலகம். ஒருவர் பணியை மற்றவர் செய்யக் கூடாது என்பது விதி. நடு அலுவலக அதிகாரி, வர்த்தகரின் மேலதிகாரிக்குக் கீழ் பணியாற்றுபவர் அல்லர். எனவே, அவரிடமிருந்து வரும் கேள்வியைச் சமாதானம் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

வர்த்தகர் ரூ.10 கோடிக்கான பத்திரத்தை விற்க முடிவு செய்கிறார். தலா ரூ.5 கோடியாக இரு பகுதிகளில் ரூ.100.05 விலைக்கு விற்பனை நடைபெறுகிறது. எஞ்சிய இருப்பு ரூ.5 கோடி. அந்நேரத்தில் இழப்பு ரூ.1.75 லட்சம். பிற்பகலில் விலை ரூ.100.01 வரை இறங்குகிறது. அப்போது இழப்பு ரூ.1.95 லட்சம், வரம்புக்கு ரூ.5,000 மட்டுமே எஞ்சியுள்ளது. விற்காமல் இருந்திருந்தால், அதே விலையில் இழப்பு ரூ.2.35 லட்சமாகி வரம்பு மீறப்பட்டிருக்கும்.

மாலையில் விலை மீண்டு ரூ.100.06-இல் நிறைவடைகிறது. அவரது அன்றைய இழப்பு ரூ.1.70 லட்சம். விற்காமல் காத்திருந்தால் அது ரூ.1.60 லட்சமாகவே இருந்திருக்கும். மாலையில் திரும்பிப் பார்க்கும்போது, வரம்பைப் பேணியதற்கு அவர் கொடுத்த விலை ரூ.10,000. இதைக் கண்டு 'காத்திருந்திருக்கலாம்' என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால், 11.15 மணிக்கு மாலை விலை எவருக்கும் தெரியாது. விலை மீளும் நாள்களையும் மீளாத நாள்களையும் முன்கூட்டிப் பிரித்தறிய இயலாது என்பதால்தான் வரம்பு என்ற ஏற்பாடே உள்ளது.

அதேவேளையில், நஷ்ட வரம்பு ஒரு காப்புறுதி அல்ல. ரூ.2 லட்சத்தில் நிறுத்த வேண்டும் என்பது கட்டளை. அந்த விலையில் வாங்க எவரேனும் முன்வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரிசர்வ் வங்கி ஆளுநர் காலை 10 மணிக்குப் பணக் கொள்கையை அறிவிக்கும்போது விலை ஒரே நொடியில் பல காசுகள் தாவக்கூடும். இடைப்பட்ட விலைகளில் வர்த்தகமே நடைபெறாமல் போகலாம். மேலும், பத்தாண்டு பத்திரத்தைப் போன்று நாள் முழுதும் கைமாறும் பத்திரங்கள் சிலவே. பழைய பத்திரங்களிலும் மாநில அரசுகளின் பத்திரங்களிலும் வாங்குவோர் கிடைப்பதே அரிதாக இருக்கும். அவற்றில் வரம்பு முன்கூட்டியே சிறிதாக வைக்கப்படுவது இதனால்தான்.

ரூ.5,000 வேறுபாடு

மாலை 5 மணிக்குச் சந்தை மூடியபின் நாளின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. ஒவ்வொரு பத்திரத்துக்குமான மதிப்பீட்டு விலையை எஃப்.பி.ஐ.எல். எனப்படும் நிதி அளவுகோல் நிறுவனம் வெளியிடுகிறது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் இப்பணியை அந்நிறுவனமே செய்துவருகிறது. வர்த்தகர் தமது இருப்புக்குத் தாமே விலை சூட்டிக்கொள்ள முடியாது என்பது இதில் உள்ள பாதுகாப்பு. இன்றைய மதிப்பீடு ரூ.100.06 எனக் கொள்வோம்.

வர்த்தகர் தமது பதிவேட்டிலிருந்து கணக்கிட்டு அனுப்பும் இழப்பு ரூ.1,70,000. நடு அலுவலகத்தின் கணினி காட்டும் இழப்பு ரூ.1,65,000. வேறுபாடு ரூ.5,000 மட்டுமே. அதுவும் வங்கிக்குச் சாதகமாக. களைப்பான ஒரு மாலையில், 'வட்டிக் கணக்கில் ஏதோ சிறு மாற்றமாக இருக்கும்' என்று அதை நாளைக்குத் தள்ளிவிடத் தோன்றும்.

ஆனால், தொகையைப் பார்ப்பதற்கு முன் இருப்பைப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். வர்த்தகரின் பதிவேட்டில் இருப்பு ரூ.5 கோடி. கணினியில் ரூ.10 கோடி. லாப நஷ்டத்தில் ரூ.5,000 என்று தெரிந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ரூ.5 கோடிக்கான பத்திரம் மறைந்திருக்கிறது.

இது எப்படி நிகழ்ந்தது? ரூ.100.05-க்கு நடந்த இரு விற்பனைகளில் ஒன்று வங்கியின் கணினியில் பதிவாகவில்லை. கணினியைப் பொறுத்தவரை அந்த ரூ.5 கோடி விற்கப்படாமல் இன்னும் கையிலேயே இருக்கிறது. அதன் இன்றைய மதிப்பு ரூ.100.06. விற்ற விலைக்கும் மதிப்பீட்டு விலைக்கும் ஒரு காசுதான் இடைவெளி. 5 லட்சம் அலகுகளுக்கு ஒரு காசு வீதம் ரூ.5,000. விற்ற விலையும் மாலை விலையும் தற்செயலாக ஒன்றாகவே இருந்திருந்தால், லாப நஷ்டத்தில் எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. பிழையோ அதே ரூ.5 கோடியாக இருந்திருக்கும்.

தேடும் முறை எளிது. பொறுமை மட்டுமே தேவை. என்.டி.எஸ்.-ஓ.எம். தளத்தில் நிகழ்ந்த வர்த்தகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்தப் பட்டியலும் வங்கியின் கணினிப் பட்டியலும் அருகருகே வைத்து எண் எண்ணாக ஒப்பிடப்படுகின்றன. தளத்தில் மூன்று வர்த்தகங்கள்; கணினியில் இரண்டு. விடுபட்ட மூன்றாவது, எந்தக் கணக்குப் பிரிவைச் சேர்ந்தது என்ற குறியீடு இல்லாததால் பதிவாகாமல் நிலுவைப் பட்டியலில் நின்றிருப்பது தெரியவருகிறது. வர்த்தகர் காரணத்தை எழுதித் தருகிறார். ஆனால், திருத்துவது அவரல்லர். பின்னலுவலகத்தில் ஒருவர் திருத்த, மற்றொருவர் அதற்கு ஒப்புதல் அளிக்கிறார். இப்போது இருப்பு ரூ.5 கோடி, இழப்பு ரூ.1,70,000 என இரு பக்கமும் ஒத்துப்போகின்றன.

இது கண்டறியப்படாமல் போயிருந்தால் மறுநாள் மூன்று விளைவுகள் நேர்ந்திருக்கும். முதலாவதாக, ரூ.5 கோடி வாங்கி ரூ.10 கோடி விற்றுள்ளதால், நிகரமாக ரூ.5 கோடி பத்திரத்தை வங்கி ஒப்படைக்க வேண்டும். கணினியோ எதையும் ஒப்படைக்கத் தேவையில்லை என்று கூறும். இரண்டாவதாக, ரிசர்வ் வங்கியிலுள்ள வங்கியின் எஸ்.ஜி.எல். கணக்கில் வேறு நோக்கத்துக்காக வைக்கப்பட்ட அதே வகைப் பத்திரம் இருந்தால், அதிலிருந்து ஒப்படைப்பு நடந்துவிடும். இல்லையெனில் பற்றாக்குறை ஏற்பட்டு அபராதம் வரை செல்லும். மூன்றாவதாக, காலையில் கணினியை நம்பும் எவரும் ரூ.10 கோடி இருப்பதாகக் கருதி விற்கத் தொடங்கினால், இல்லாத பத்திரத்தை விற்றதாக முடியும்.

இருப்பு ஒத்துப்போன பின் இறுதியாக ஒரு சோதனை நடைபெறும். காலையில் இருந்த ரூ.10 கோடிக்கு ஒரு புள்ளி மதிப்பு ரூ.70,000. விலை 14 காசு குறைந்தது, அதாவது வருவாய் விகிதம் ஏறத்தாழ இரு புள்ளி உயர்ந்தது. அதனால் ரூ.1.40 லட்சம். பகலில் வாங்கியதில் ரூ.20,000, விற்றதில் ரூ.10,000. கூட்டினால் ரூ.1.70 லட்சம். வட்டிச் சேர்க்கையும் நிதிச் செலவும் இதில் தனியே கணக்கிடப்படும். இவ்வாறு ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடிந்தால் கணக்கு சரி. விளக்க முடியாத லாபமும், விளக்க முடியாத நஷ்டத்தைப் போலவே விசாரணைக்குரியது.

விதிகளுக்குப் பின்னால் உள்ள வரலாறு

இந்த நடைமுறைகள் யாவும் பெரும் இழப்புகளுக்குப் பின் உருவானவை. 1992-ஆம் ஆண்டு வெளிப்பட்ட பங்குப் பத்திர ஊழலின் மையத்தில் இருந்தது அரசு கடன் பத்திரச் சந்தைதான். அக்காலத்தில் எஸ்.ஜி.எல். கணக்குகள் கையால் எழுதப்பட்டு வந்தன. பத்திரத்துக்குப் பதிலாக வங்கி ரசீதுகள் கைமாறின. பத்திரமே இல்லாமல் வழங்கப்பட்ட ரசீதுகளுக்கும் பணம் செலுத்தப்பட்டது. யாரிடம் உண்மையில் என்ன உள்ளது என்பதை அன்றன்றே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததே ஊழலுக்கு இடமளித்தது. சி.சி.ஐ.எல். 2002-இல் செயல்படத் தொடங்கியதும், பின்னர் மின்னணு தளம் வந்ததும் அந்த இடைவெளியை அடைத்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1995-இல், பிரிட்டனின் பழம்பெரும் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற வர்த்தகர், வர்த்தகத்தையும் அதைச் சரிபார்க்கும் பின்னலுவலகத்தையும் ஒருங்கே கவனித்துவந்தார். பிழைகளைப் பதிவதற்கெனத் தொடங்கப்பட்ட 88888 என்ற கணக்கில் நஷ்டங்களை மறைத்தார். இறுதியில் இழப்பு 80 கோடி பவுண்டைத் தாண்டியது. வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. தாம் செய்த வர்த்தகத்தைத் தாமே திருத்தக் கூடாது என்ற விதியின் அருமையை உலகெங்கும் உள்ள வங்கிகள் அப்போது உணர்ந்தன.

இந்தியாவில் மற்றொரு விதியும் உண்டு. கருவூலம் உள்ளிட்ட முக்கியப் பணிகளில் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலை நாள்கள் தொடர்ச்சியாக, முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அந்நாள்களில் அவர் அலுவலகப் பணி எதையும் செய்யக் கூடாது. மறைக்கப்பட்ட நஷ்டம் தானாக மறைந்திருக்காது. அதை நாள்தோறும் எவரேனும் மூடிவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் பத்து நாள் இல்லையெனில் அது வெளியே வந்துவிடும்.

எனவே, மேலதிகாரிகள் கவனிப்பது நஷ்டத்தை மட்டுமல்ல. சந்தை மூடிய பிறகு அடிக்கடி திருத்தப்படும் வர்த்தகங்கள், பல நாள்களாகத் தீர்க்கப்படாமல் நிற்கும் சிறு வேறுபாடுகள், விடுப்பே எடுக்க விரும்பாத ஊழியர் ஆகிய மூன்றும் அவர்கள் கண்ணில் முதலில் படும் அறிகுறிகள்.

மாலை 6.30 மணியளவில் நமது வர்த்தகர் அன்றைய அறிக்கையில் கையொப்பமிடுகிறார். இருப்பு ரூ.5 கோடி, இரவு வரம்பான ரூ.10 கோடிக்கு உட்பட்டது. இழப்பு ரூ.1.70 லட்சம். எச்சரிக்கை அளவு கடந்த நேரமும், அதன்பின் எடுத்த நடவடிக்கையும், விடுபட்ட ஒரு பதிவும், அது திருத்தப்பட்ட விதமும் அதில் எழுதப்பட்டுள்ளன. நாளை காலை 8 மணிக்கு அவர் முதலில் சரிபார்க்கப்போவது அந்த ரூ.5 கோடியைத்தான்.